எண்பது ரூபாய்ப் பானை

மழை வருவதற்கு முன்னால் காற்று சற்று நின்றுவிடுமே, அந்த நேரத்தில்தான் அக்கா கூவினாள். "எண்பது! எண்பது! எந்தப் பானை எடுத்தாலும் எண்பது!" மராத்தியில், தொண்டை கிழிய. அவள் அப்படிக் கூவி நான் அதுவரை கேட்டதில்லை. வீட்டில் அவள் பேசுவது அடுத்த அறைக்குக் கேட்காது. மலைக்குப் பின்னாலிருந்து கருமேகம் ஏறிக்கொண்டிருந்தது. ராட்டினக்காரன் தொட்டில்களைக் கயிற்றால் கட்டத் தொடங்கியிருந்தான். பொரியும் பேல்பூரியும் விற்றவர்கள் பிளாஸ்டிக் விரிப்பை இழுத்துத் தட்டுகளை மூடிக்கொண்டிருந்தார்கள். வீடு திரும்பிக்கொண்டிருந்த கூட்டம் அந்தக் குரல் கேட்டு நின்றது. பிறகு மொத்தமாக எங்கள் பக்கம் திரும்பியது. அத்தனை முகங்களைப் பார்த்ததும் எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. பானைகள் தீர்ந்துவிடும், மழைக்கு முன்னால் வீட்டுக்குப் போய்விடலாம் என்று நினைத்தேன். பயம் அதற்குப் பிறகு வந்தது. இன்றைக்கும் எங்காவது கூட்டம் ஒரே பக்கமாகத் திரும்பினால் நான் ஓரமாக ஒதுங்கிக்கொள்கிறேன்.

நாங்கள் மராத்திக்காரர்கள் நடுவே, தாபோடியில் வளர்ந்தவர்கள். தாத்தா காலத்தில் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்த கிறிஸ்தவக் குடும்பம். அப்பாவுக்கு ராணுவப் பட்டறையில் வேலை. நான் கேம்ப் என்கிற பகுதியில் ஒரு பள்ளியில் ஆசிரியை ஆனேன். அக்கா தளேகாவில் ஒரு தொழிற்சாலை அலுவலகத்தில் பில் போடும் வேலைக்கு லோக்கல் ரயிலில் போய் வந்தாள். அந்தத் தொழிற்சாலை கேன்டீனுக்குத் தயிர்ச் சட்டி கொண்டுவந்து இறக்கியவர்தான் என் அத்தான். தளேகாவைத் தாண்டி, மலையடிவாரத்து ஊர் ஒன்றில் குயவர் வீட்டுப் பிள்ளை. அக்கா அவருக்கு பில் போட்டுக் கொடுத்தாள். இரண்டு வருஷம் கழித்து அவரைக் கட்டிக்கொள்ளப் போகிறேன் என்று வீட்டில் சொன்னாள். அப்பா கத்தவில்லை. சாப்பிட்டுக்கொண்டிருந்த தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, "மண்ணத் திங்கவாட்டி போற?" என்று மட்டும் கேட்டார். அதற்குப் பிறகு அவளோடு பேசுவதை நிறுத்திக்கொண்டார். அந்தக் கேள்வியை அக்கா தாலியோடு சேர்த்து அந்த ஊருக்குக் கொண்டுபோனாள் என்றுதான் நான் நினைக்கிறேன்.

அத்தானுக்குத் தோள்பட்டை விலகி, பெரிய பானை வனைய முடியாமல் போன பிறகு, மோட்டார் வைத்த சக்கரத்தில் அக்காவே உட்கார்ந்தாள். முதல் வருஷம் அவள் வனைந்ததெல்லாம் சாய்ந்துபோய் நின்றது. இரண்டாவது வருஷத்தில் கை படிந்துவிட்டது. ஏரிக்கரையிலிருந்து டிராக்டரில் வரும் களிமண்ணை ஊறவைத்து, சலித்து, குதிரைச் சாணமும் சாம்பலும் கலந்து மிதிப்பது அத்தான் வேலை. அதைச் சக்கரத்தில் தடித்த பானையாக எழுப்புவதும், அரைக்காய்ச்சலாக உலர்ந்ததும் உள்ளே ஒரு வழுவழுப்பான கல்லைக் கொடுத்து வெளியே மரப்பலகையால் தட்டித் தட்டி மெலிதாக்குவதும் அக்கா வேலை. அங்கே தண்ணீர்ப் பானையை 'மாட்' என்பார்கள். கோடையில் ஃபிரிட்ஜ் இருக்கிற வீட்டிலும் ஒரு மாட் இருக்கும். அக்கா தன் பானைகளின் கழுத்துக்குக் கீழே சீப்பின் பல்லால் அலை மாதிரி ஒரு கோடு இழுப்பாள். அது அவளுடைய அடையாளம்.

வருஷத்துக்கு ஒரு தடவை, சித்திரை வெயிலில் அந்த ஊர்க் கோயிலில் ஜத்ரா என்கிற திருவிழா நடக்கும். பல்லக்கு வரும், குஸ்தி நடக்கும், வளையல் கடையும் மிட்டாய்க் கடையும் சாலை நெடுக முளைக்கும். கோயிலுக்குப் போகிற வழியில் குயவர்களுக்கென்று ஒரு வரிசை உண்டு. அக்காவின் வருஷத்து வருமானத்தில் பெரும்பகுதி அந்த வரிசையில் வந்தாக வேண்டும். லீவு போட்டுவிட்டு நான் ஒவ்வொரு வருஷமும் உதவிக்குப் போவேன். அப்போதெல்லாம் அவள் விற்பதைப் பார்த்தால் எனக்கு ஏதோ செய்யும். பானையைக் கையில் எடுக்கிறவர்கள் விலை கேட்பதற்கு முன்பே அவள் முகத்தில் ஒரு கெஞ்சல் வந்துவிடும். வரிசையில் மற்றவர்கள் நூற்றி எண்பது சொன்னால் இவள் நூற்றி இருபது என்று ஆரம்பிப்பாள். வாங்க வந்தவர்கள் ஒன்றும் சொல்லாமல் யோசித்தாலே போதும், "சரி, நூறு குடுங்க" என்பாள். யாரும் கேட்காமலேயே குறைப்பாள். வெயில் சாயச் சாய விலையும் சாயும். ஒருமுறை ஓர் ஆள் பானையைத் தலைகீழாகக் கவிழ்த்து வெகுநேரம் பார்த்துவிட்டு, "இவ்வளவு மலிவா தர்றீங்களே, அடியில விரிசலா?" என்று கேட்டுவிட்டுப் பக்கத்துக் கடையில் போய் நூற்றி எண்பதுக்கு வாங்கினார். அக்காவுக்குக் கண் கலங்கியது. அடுத்து வந்தவருக்கு விலையை இன்னும் பத்து ரூபாய் குறைத்தாள்.

கணக்குத் தெரியாதவள் இல்லை அவள். பத்து வருஷம் பில் போட்டவள். பயம்தான் காரணம். பாதிப் பானைகளோடு டெம்போ ஊருக்குள் திரும்பினால் தெருவே பார்க்கும். தமிழ்நாட்டுக்காரியைக் கட்டி வந்தானே, அவள் கைப் பானை விற்கவில்லை என்பார்கள். அந்தப் பேச்சு எப்படியாவது தாபோடிக்குப் போய்ச் சேரும். அப்பா கேட்ட கேள்விக்கு அதுவே பதிலாகிவிடும். காலி டெம்போவோடு திரும்புவது ஒன்றே அவள் குறி. எவ்வளவுக்கு என்பது அவளுக்கு இரண்டாம்பட்சம். "விறகும் மண்ணும் ஒரு பானைக்கு நாப்பது ரூவாட்டி. எண்பதுக்குக் குடுத்தாலும் ரெட்டிப்பு" என்று எனக்கே சமாதானம் சொல்வாள்.

அவளுக்குப் பக்கத்து இடம் ஒரு வயதான குயவப் பெண்ணுடையது. எல்லோரும் அவரைக் காக்கூ என்பார்கள். மராத்தியில் சித்தி மாதிரி. காக்கூவுக்கு அக்காவைக் கண்டால் ஆகாது. காரணமும் இருந்தது. அக்கா நூறு என்றதும், காக்கூவிடம் நூற்றி எண்பதுக்கு வாங்க நின்றவர்கள் பானையைக் கீழே வைத்துவிடுவார்கள். பிறகு அவரும் குறைக்க வேண்டும், அவருக்கு அடுத்தவரும் குறைக்க வேண்டும். "உனக்குப் பசிக்கலேன்னா எங்களுக்கும் பசிக்காதா?" என்று ஒருநாள் நேராகவே கேட்டார். அக்கா தலையைக் குனிந்துகொண்டாள்.

அந்த வருஷம் காலையிலிருந்தே புழுக்கம். வைக்கோல் பரப்பி, பானைகளை வாய் கவிழ்த்து, மூன்று அடுக்காக ஏற்றியிருந்தோம். பின்னால் ஓர் ஓரமாகப் பெரிய ராஞ்ஜண் ஒன்று, ஆள் இடுப்புயரத் தண்ணீர்ச் சாடி, சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. மத்தியானம் வரை வியாபாரம் மந்தம். பிறகு மேகம் ஏறியது. மழையில் சுட்ட பானைக்கு ஒன்றும் ஆகாது, கூட்டம்தான் கரைந்துவிடும். அத்தான் டெம்போவிலிருந்து தார்ப்பாயை எடுக்கப் போனார். அக்கா வானத்தைப் பார்த்தாள், மீதி இருந்த பானைகளைப் பார்த்தாள். அவள் உதடு வெளுத்திருந்தது. அப்போதுதான் எழுந்து நின்று கூவினாள்.

முதலில் பத்துப் பேர் வந்தார்கள். அப்புறம் எண்ண முடியவில்லை. ஒருவர் கையில் பிடித்த பானையை இன்னொருவர் இழுத்தார். பாதிக் காசைக் கடனாக வைத்துக்கொள் என்றார் ஒருத்தர். காசை என் மடியில் எறிந்துவிட்டு இரண்டு பானையோடு போனார் இன்னொருத்தர். ஒரு வியாபாரி இரண்டு ஆட்களோடு வந்து, வரிசையாக எடுத்துக் கைவண்டியில் அடுக்கத் தொடங்கினான். முன்னால் இருந்தவர்களுக்கு நிற்க இடமில்லை. பின்னால் இருந்தவர்களோ எண்பது என்ற சொல்லை மட்டும் கேட்டு நெருக்கிக்கொண்டிருந்தார்கள். "போதும், தள்ளி நில்லுங்க, தள்ளி நில்லுங்க!" என்று அக்கா கத்தினாள். கொஞ்சம் முன்பு அத்தனை பேரையும் கூட்டிவந்த குரல் இப்போது ஒருவரையும் நிறுத்தவில்லை. யாருடைய காலோ அடி வைக்கோலை இழுத்தது. மேலடுக்கு நகர்ந்ததை நான் பார்த்தேன். வேகமாகக்கூட இல்லை, தூக்கத்தில் ஒருவர் புரண்டு படுப்பது போல. பிறகு எல்லாம் சேர்ந்து சரிந்தது.

பானை உடைகிற சத்தம் எனக்குப் பழக்கம்தான். அன்றைக்குக் கேட்டது அப்படி இல்லை, ஒரு சுவரே இடிந்து விழுவது போல. அது முடிவதற்குள் ஒரு பெண் அலறினாள். "என் பிள்ளை! இங்கதான் நின்னான், என் பிள்ளை!" கூட்டம் ஒரே நொடியில் பின்வாங்கியது. முன்னால் ஓட்டுக் குவியல். குழந்தை எங்கும் இல்லை. அழுகுரலும் இல்லை. குவியலின் மேல் ஏறினால் அடியில் இருப்பவன் நசுங்குவான்; அள்ளி எறிந்தால் ஓடு கிழிக்கும். அக்கா மண்டியிட்டு, ஒவ்வோர் ஓடாக, வெறும் கையால் எடுக்கத் தொடங்கினாள். ஓட்டை அவள் வீசவில்லை. எடுத்துப் பக்கத்தில் வைத்தாள், எடுத்து வைத்தாள். அவள் விரல்களிலிருந்து ரத்தம் வடிந்ததை அவள் கவனிக்கவில்லை. தார்ப்பாயோடு ஓடிவந்த அத்தானின் சட்டைக் காலரை யாரோ பிடித்து உலுக்கினார்கள். "பிள்ளைக்கு ஏதாவது ஆச்சு, இங்கேயே கொளுத்திடுவோம்" என்று ஒரு குரல். அப்போது காக்கூ தன் கடையிலிருந்து எழுந்து வந்து அவர்களுக்கு நடுவில் நின்றார். "முதல்ல பிள்ளையத் தேடு. அடிக்கிறதெல்லாம் அப்புறம்" என்றார். அந்த வார்த்தைக்கு அவர்கள் கை இறங்கியது.

சாய்த்து வைத்திருந்த ராஞ்ஜண் உடையவில்லை. அதன் வயிற்றுக்கும் தரைக்கும் நடுவே, வைக்கோலுக்குள், இரண்டு வயது மதிக்கத்தக்க அந்தப் பையன் குந்தியிருந்தான். கண் திறந்திருந்தது. பயத்தில் அழக்கூட மறந்திருந்தான். அம்மா முகத்தைப் பார்த்த பிறகுதான் வீறிட்டான். வலது உள்ளங்கையில் ஓடு ஆழமாக இறங்கியிருந்தது. அத்தான் அவனையும் தாயையும் டெம்போவில் ஏற்றினார். அக்கா காசுப் பையோடு பின்னால் ஏறினாள். தளேகாவ் ஆஸ்பத்திரி வரை மழை அடித்தது. விரல் நரம்பு போயிருக்குமோ என்று டாக்டர் முதலில் சந்தேகப்பட்டார். தையல் போட்டு முடித்த பிறகு, பையன் விரலை மடக்கி ஒரு பிஸ்கட்டைப் பிடிக்கும்வரை அக்கா சுவரோடு சாய்ந்து நின்றுகொண்டே இருந்தாள். அன்று வந்த காசு முழுவதையும் பையோடு அந்தத் தாயிடம் கொடுத்துவிட்டாள். எண்ணிப் பார்க்கவில்லை.

மறுநாள் காலையில் முற்றத்தில் உட்கார்ந்திருந்தோம். உடையாமல் தப்பிய சில பானைகள் சுவரோரம் நின்றன. "எல்லாக் காசும் ஆஸ்பத்திரிக்குப் போயிருச்சு. இல்லேன்னா கையில ஏதாவது மிஞ்சியிருக்கும்" என்றார் அத்தான். குறையாகச் சொல்லவில்லை, களைத்துப்போய்ச் சொன்னார். விரல்களில் துணி சுற்றியிருந்த அக்கா சுவரோரத்துப் பானைகளை எண்ணினாள். பிறகு, "மிஞ்சியிருக்காது" என்றாள். எழுந்து போய் விளக்குக்கென்று செய்கிற சின்ன அகல்களில் பத்தை எடுத்துவந்து தரையில் வரிசையாக வைத்தாள்.

"இது சூளைக்குள்ள போற பத்துப் பானை. ஒண்ணுக்கு மண்ணும் விறகும் நாப்பது. பத்துக்கு நானூறு. இந்த நாப்பதத்தான் நான் இத்தனை வருஷமா எண்ணிக்கிட்டு இருந்தேன்." இரண்டு அகல்களைத் தள்ளி வைத்தாள். "ரெண்டு சூளையிலயே வெடிச்சிரும். எட்டுதான் டெம்போ ஏறும். டெம்போ வாடகை, கடை போடுற இடத்துக்குக் கட்டுறது, வைக்கோல், இதெல்லாம் ஒண்ணுக்கு முப்பது வருது. எட்டுக்கு இருநூத்தி நாப்பது." இன்னொன்றைத் தள்ளினாள். "ஒண்ணு வழியிலயோ கடையிலயோ உடையும். மிச்சம் ஏழு. அறுநூத்தி நாப்பது ரூவாய இந்த ஏழும் சேந்து தூக்கணும்." நான் மனதுக்குள் வகுத்துப் பார்த்தேன். ஒரு பானைக்குத் தொண்ணூறுக்கு மேல் வந்தது. அக்கா என் முகத்தைப் பார்த்துத் தலையாட்டினாள். "எண்பதுக்கு வித்தா, ஒவ்வொரு பானைக்கும் நம்ம கையில இருந்து பத்து ரூவா வச்சுக் குடுக்கோம்."

"நம்ம கூலி?" என்று அத்தான் கேட்டார். கல்யாணம் ஆனதிலிருந்து அவர்கள் இருவரும் பேசிக்கொள்ளாத சொல் அது என்று நினைக்கிறேன். பத்துப் பானைக்கு மண் மிதிப்பது, வனைவது, தட்டுவது, காவி பூசுவது, சூளை அடுக்குவது எல்லாம் சேர்ந்து ஓர் ஆளுக்கு ஒன்றரை நாள் வேலை. அந்த ஊரில் வயல் கூலிக்குப் போனாலும் நாளுக்கு நானூறு. கணக்கில் இன்னும் அறுநூறு ஏறியது. ஏழு பானையும் ஆயிரத்து இருநூற்றி நாற்பதைத் தூக்க வேண்டும். வரிசையில் எல்லோரும் சொல்லும் நூற்றி எண்பது யாரோ பேராசையில் வைத்த விலை இல்லை. கூலி கொடுத்தால் கிட்டத்தட்ட அவ்வளவுதான் வரும். "அந்தப் பிள்ளை கையில காயம் படலேன்னாலும் நேத்து நமக்கு நஷ்டம்தான். நூத்தி இருபதுக்கு வித்தப்பவும் ரெண்டு பேரும் பாதிக் கூலிக்கும் கீழதான் உழைச்சிருக்கோம்" என்றாள் அக்கா. அகல்களை ஒவ்வொன்றாக எடுத்து அடுக்கினாள். அவள் அழவில்லை. நான்தான் அழுதேன்.

அப்போதும் எனக்கு முழு நம்பிக்கை வரவில்லை. கணக்கு சரி, அந்த விலை கொடுக்க ஆள் வேண்டுமே! அடுத்த வாரம் தாபோடி மார்க்கெட்டில் ஒரு கைவண்டியைக் கண்டேன். சிவப்புப் பானைகளின் கழுத்துக்குக் கீழே சீப்புப் பல் இழுத்த அலைக்கோடு. கூட்ட நெரிசலில் எண்பதுக்கு அள்ளிப் போன அதே பானைகள். ஒரு பெண்மணி விரல் முட்டியால் தட்டிப் பார்த்தார், கணீரென்று கேட்டது. "இருநூத்தி இருபது. இதே மாதிரி வேற எங்க கிடைக்கும்?" என்றான் வண்டிக்காரன். அவர் இருபது குறைக்கச் சொன்னார். அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டு அடுத்தவரைப் பார்த்தான். அந்தப் பெண்மணி அவன் சொன்ன விலையையே கொடுத்துவிட்டுப் பானையோடு போனார். ரோட்டோரம் நின்றபடியே அக்காவுக்கு போன் செய்தேன். அவள் கேட்டுவிட்டு, "குடுக்காங்களா?" என்றாள். "குடுக்காங்க" என்றேன்.

அடுத்த ஜத்ராவுக்கு ஒரு மாதம் இருக்கும்போது அவள் காக்கூவின் வீட்டுக்குத் தனியாகப் போனாள். "இந்த வருஷம் நூத்தி எண்பதுக்குக் கீழ போக மாட்டேன்" என்று சொன்னாளாம். காக்கூ நம்பவில்லை. "மேகம் வந்தா?" என்று கேட்டார். "வந்தாலும்" என்று சொல்லிவிட்டு வந்தாள். வந்த பிறகு சாப்பிட முடியவில்லை என்று என்னிடம் சொன்னாள். அந்த வருஷம் பெரிய பானைகளைக் குறைவாகவே வனைந்தாள். கையில் காசு குறைவாக உள்ளவர்கள் வெறுங்கையோடு போகக் கூடாது என்று, பெரிய பானைகளின் இடுக்கில் வைத்துச் சுடும் அளவுக்குச் சின்னத் தயிர்ச் சட்டிகளும் குடிக்கிற குவளைகளும் செய்தாள். அவற்றுக்கு மண் குறைவு, தனி விறகு வேண்டாம்; விலையும் அதற்கேற்ற மாதிரி. கடையில் பானைகளை ஒரே அடுக்காகத்தான் வைத்தாள். முன்னால் மூங்கில் கட்டி, வாங்குகிறவர்களுக்கு ஒரு வழி விட்டாள். ஒரு மாட் பானையில் முந்தின நாளே தண்ணீர் ஊற்றி வைத்திருந்தாள். வெளிப்புறம் ஈரம் பூத்து, தொட்டால் சில்லென்று இருந்தது. கேட்கிறவர்களுக்கு அதில் ஒரு குவளை தண்ணீர். ஒழுகினால் கொண்டுவாருங்கள், மாற்றித் தருகிறேன் என்றாள். அவ்வளவுதான். கெஞ்சவில்லை.

காலையில் ஒன்றுகூட விற்கவில்லை. போன வருஷத்து விலையை நினைவு வைத்திருந்தவர்கள்தான் முதலில் வந்தார்கள். "போன தடவை எண்பதுக்குக் குடுத்தியே!" என்று சண்டைக்கு நின்றார் ஒருத்தர். அக்கா, "அது நான் செஞ்ச தப்பு" என்றாள். அவர் பானையை வைத்துவிட்டுப் போனார். இன்னொருத்தி நூற்றி நாற்பது வரை வந்து, பத்தடி நடந்து, கூப்பிடுவாளா என்று திரும்பிப் பார்த்தாள். அக்காவின் வாய் திறந்தது. அத்தான் அவள் காதருகே, "குடுத்துடு, ஒண்ணாவது போகட்டும்" என்றார். அவள் முந்தானையை வாயில் கவ்விக்கொண்டாள். அந்தப் பெண் போயே போய்விட்டாள். வெயில் ஏறியது. பானைகள் ஒன்றுகூடக் குறையாமல் எங்களைப் பார்த்துக்கொண்டு இருந்தன. இவள் வீம்பால் இந்த வருஷம் குடும்பமே பட்டினி கிடக்கப் போகிறது என்று பயந்தேன். அதை வாய்விட்டும் சொல்லிவிட்டேன். பக்கத்தில் காக்கூ தன் பானைகளை விட்டுவிட்டு எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

உச்சிவெயிலில் ஒரு பெண் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள். அந்தக் குழந்தையின் உள்ளங்கைத் தழும்பைப் பார்த்த பிறகுதான் யாரென்று தெரிந்தது. அக்கா சட்டென்று எழுந்துவிட்டாள். சண்டைக்கு வந்திருக்கிறாளோ என்று அத்தான் முன்னால் வந்து நின்றார். அந்தப் பெண் ஒரு பானையைத் தட்டிப் பார்த்து, "மாட் எவ்வளவு?" என்று கேட்டாள். இவளிடம் காசு வாங்கவா என்று அக்காவின் மனது அடித்துக்கொண்டது எனக்குப் புரிந்தது. இருந்தும், "நூத்தி எண்பது" என்றாள், கேட்டும் கேட்காத குரலில். அந்தப் பெண் இடுப்பிலிருந்து காசை எடுத்து எண்ணிக் கொடுத்தாள். அக்கா அதை வாங்கிக்கொண்டு, ஒரு சின்ன மண் மாட்டுவண்டியைப் பையன் கையில் வைத்தாள். "இது விலைக்கு இல்ல. இவனுக்கு" என்றாள். அவன் ஐந்து விரலாலும் அதை இறுக்கிப் பிடித்துக்கொண்டான்.

அன்றைய முதல் வியாபாரம் அது. மத்தியானத்துக்கு மேல் ஒவ்வொருவராக வந்தார்கள். வரிசையில் எங்கே கேட்டாலும் அதே விலை என்று தெரிந்ததும் பேரம் அடங்கியது. பானையைத் தட்டிப் பார்த்தார்கள், தண்ணீர் குடித்துப் பார்த்தார்கள், காசு கொடுத்தார்கள். யாரும் அடியில் விரிசலா என்று கேட்கவில்லை. மாலையில் மேகமும் வந்தது. கூட்டம் அவசரமாகக் கலைந்தது. மூன்றில் ஒரு பங்கு பானை மிச்சம் இருந்தது. அக்கா வானத்தைப் பார்த்ததை நானும் பார்த்தேன், காக்கூவும் பார்த்தார். அவள் வைக்கோலை எடுத்து, மிச்சப் பானைகளை ஒவ்வொன்றாகச் சுற்றத் தொடங்கினாள். காக்கூ எழுந்து வந்து, இன்னொரு பக்கத்திலிருந்து வைக்கோல் சுற்றினார். டெம்போ அந்த மிச்சத்தோடு ஊருக்குள் நுழைந்தபோது தெருவில் இரண்டு பேர் பார்க்கத்தான் செய்தார்கள். அக்கா பார்க்கவில்லை. பானைகளுக்கு நடுவில் சாக்கின் மேல் சாய்ந்து, வாய் லேசாகத் திறந்திருக்க, அசந்து தூங்கிக்கொண்டு வந்தாள். ஜத்ராவிலிருந்து திரும்பும்போது அவள் தூங்கி நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. மிச்சப் பானைகள் வெயில் காலம் முடிவதற்குள் நெடுஞ்சாலை ஓரத்தில் அதே விலைக்குப் போயின.

இதெல்லாம் நடந்து சில வருஷங்கள் ஆகிவிட்டன. அப்பா இன்னும் அந்த ஊருக்குப் போகவில்லை. ஆனால் தாபோடி வீட்டுச் சமையலறையில் அலைக்கோடு போட்ட ஒரு மாட் இருக்கிறது, அதில்தான் தண்ணீர் குடிக்கிறார். யார் கொண்டுவந்தது என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. இந்த வருஷமும் ஜத்ராவுக்குப் போனேன். விறகு ஏறிவிட்டதால் பானை இப்போது இருநூறு. காலையில் கடை விரிக்கும்போது அக்காவின் விரல்கள் நடுங்குவதைக் கவனித்தேன். "இன்னுமா பயம்?" என்று கேட்டேன்.

"போகலட்டி" என்றாள். "அது பாட்டுக்கு இருக்கு. முன்னால அதுதான் விலை சொல்லிச்சு. இப்பம் நான் சொல்லுதேன்."

அதற்குள் ஒரு பெரியவர் வந்து பானையைக் கையில் எடுத்துச் சுற்றிப் பார்த்தார். விலை கேட்டார். அக்கா கைகளை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு, இருநூறு என்றாள். அவர் ஒன்றும் சொல்லாமல் பானையையே பார்த்துக்கொண்டு நின்றார். அக்கா ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை.